முந்தானையைச் செருகிவிட்ட கை



பொங்கலன்று எங்கள் வீட்டில் நடந்ததை எழுதச் சொல்லி என் மகன் நாலு நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். "ஆச்சி வண்டியில ஏறின கதையை நீ எழுதும்மா, நான் எழுதுனா விளையாட்டா போயிடும்" என்றான். சிரிக்கவும் இடமிருக்கிற கதைதான். ஆனால் எனக்கு முப்பத்தெட்டு வருஷமாகப் புரியாமலிருந்த ஒன்று அன்றைக்குப் புரிந்தது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்கு வடக்கே உள்ள ஒரு சின்னக் கிராமம் என்பது உங்களுக்குத் தெரியும். என் மாமியாருக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. கண்ணாடி போட்டால் ஊசியில் நூல் கோப்பார்கள். முழங்கால் மட்டும் சரியில்லை. அத்தை மாட்டு வண்டி, பஸ், கார், ஆட்டோ எல்லாவற்றிலும் போயிருக்கிறார்கள். ரயிலில் ராமேஸ்வரம் வரைக்கும் போயிருக்கிறார்கள். இரண்டு சக்கர வண்டியில் மட்டும் ஏறியதே கிடையாது. மகன் கூப்பிட்டாலும் ஏற மாட்டார்கள், பேரன் கூப்பிட்டாலும் ஏற மாட்டார்கள். "அம்மாவுக்கு வண்டின்னா பயம்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நாங்களும் அப்படியே நம்பிவிட்டோம். நான் கேலி செய்ததும் உண்டு.

என் மகன் திருநெல்வேலியில் வேலை பார்க்கிறான். போன கார்த்திகையில் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பிள்ளையார் கோயிலை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தினான். "ஆச்சி, ஒரு ரவுண்டு வா" என்று கையைப் பிடித்து இழுத்தான். அத்தை வண்டிக்குத் திருநீறு பூசினார்கள், ஏறவில்லை.

இந்தப் பொங்கலுக்கு வருவோம். அத்தையின் பிறந்த ஊர் வீரவநல்லூர் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து அம்பை, ஆற்றுப் பாலம், கல்லிடைக்குறிச்சி என்று தாண்டிப் போக வேண்டும். அங்கே அவர்களுடைய அண்ணன் இருக்கிறார், தொண்ணூறை நெருங்கியவர். நம் பக்கத்தில் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குப் பொங்கல்படி கொண்டுவருவது வழக்கம் அல்லவா? பெரியவர் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு, காய்கறி, ஒரு சேலை. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அவரே வருவார். மகன்மார் இருக்கிறார்கள், கொடுத்தனுப்பலாம். ஆனால் தங்கச்சி கையில் தானே கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி.

இந்த மார்கழியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. படுக்கையோடு இருக்கிறார். பொங்கலன்று காலை பானை பொங்கி, சாமி கும்பிட்டு, இலை போடுகிற நேரத்தில் அங்கிருந்து போன் வந்தது. "தங்கச்சிக்குப் படி கொடுக்கலையே" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாராம், சாப்பிட மாட்டேன் என்கிறாராம்.

அத்தை போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "அவன் வர முடியலன்னா நான் போறேன்" என்றார்கள்.

வழக்கமாக வருகிற ஆட்டோக்காரருக்குப் போன் போட்டோம். அவர் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பாபநாசத்தில் நின்றார். இன்னொருவர் சாயங்காலம் வருவதாகச் சொன்னார். பஸ்ஸில் போவதென்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு படியேற முடியாது. அத்தை திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்கள். பிறகு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்கள்.

"எய்யா, இதுல நான் உக்காந்தா விழாம கொண்டு போயிருவியா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மகன் சாவியை எடுக்க உள்ளே ஓடினான். திரும்பி வந்தபோது அத்தை வண்டியின் இடது பக்கம் குனிந்து நின்று பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்கன ஒரு கம்பி அடைப்பு இருக்குமே. எங்க?"

மகன் முழித்தான். பின்சக்கரத்தின் இடது பக்கம் கம்பி வளைத்து ஒரு தடுப்பு வருமே, சாரி கார்டு என்று சொல்வோம், அதைத்தான் கேட்டார்கள். வண்டி வாங்கும்போது அது இருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று இரண்டாம் வாரமே கழற்றிவிட்டான். அவனுடைய சேக்காளிமார் எல்லாரும் கழற்றியிருக்கிறார்களாம். "அது தேவையில்ல ஆச்சி, நான் மெதுவாத்தான் போவேன்" என்றான்.

"மெதுவாப் போனாலும் சக்கரம் சுத்தத்தானே செய்யும்?" என்றார்கள் அத்தை. "அது இல்லாம நான் ஏற மாட்டேன்."

பதில் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. மச்சுக்குப் போய் அட்டைப்பெட்டிகளைப் புரட்டி அதைத் தேடி எடுத்துவந்தான். மாட்டுவதற்கு மூன்று போல்ட் வேண்டும், இரண்டுதான் கிடைத்தது. மூன்றாவதுக்குக் கட்டுக்கம்பி சுற்றலாம் என்று பார்த்தான். அத்தை பார்த்த பார்வையில் கம்பியைக் கீழே போட்டுவிட்டான்.

அப்போதுதான் எனக்கு அடுத்த தெருப் பையன் ஞாபகம் வந்தான். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவன், இப்போது சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பேர் சொல்லவில்லை, இதைப் படிப்பான். பொங்கலன்று கூப்பிடுகிறோமே என்று தயங்கித்தான் போன் போட்டேன். பத்து நிமிஷத்தில் புது வேட்டியோடு வந்து நின்றான், கையில் ஸ்பேனரும் ஒரு டப்பா போல்ட்டும்.

அவன் மாட்டிக்கொண்டே என் மகனுக்கு விளக்கியதை நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். பாடம் நடத்திய பிள்ளையிடமே பாடம் கேட்பது தனிச் சுகம்.

நம் ஊரில் சேலை கட்டியவர்கள் இடது பக்கம் பார்த்து ஒருக்களித்து உட்காருகிறார்கள். இறங்கும்போது கால் சாலையோரமாக இறங்கும். சூடான சைலன்சர் வலது பக்கம் இருப்பதால் அதிலிருந்தும் தப்பிக்கலாம். ஆனால் சேலை முழுவதும் இடது பக்கம்தான் தொங்கும். அங்கேதான் சக்கரத்தின் கம்பிகள் சுற்றுகின்றன. பெரும்பாலான வண்டிகளில் சங்கிலியும் அதே பக்கம்தான் ஓடுகிறது. காற்றில் முந்தானை பறந்து நுனி மட்டும் உள்ளே போனால் போதும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினாலே துணியை இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவர் கையை எடுத்து இழுக்க நேரமே இருக்காது. ஓட்டுகிறவனுக்கு, பின்னால் பாரம் போன பிறகுதான் தெரியும். இதற்காகத்தான் அந்தத் தடுப்பு. காலை ஊன்றிக்கொள்ள அதிலேயே ஒரு தகடும் இருக்கிறது. கம்பியைக் கழற்றினால் ஒருக்களித்து உட்காருபவருக்குக் கால் வைக்கும் இடமும் போய்விடும்.

"அழகுக்குக் கழட்டுதோம்னு வாராங்க. நானும் கழட்டிக் கொடுத்திருக்கேன் டீச்சர். இனிமே மாட்டேன்" என்றான்.

இது வெறும் வழக்கமில்லை, சட்டமும் இதுதான். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. பின்னால் ஆள் உட்காரும் வசதியுள்ள மோட்டார் சைக்கிளுக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்கப் படி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும். உடுத்திய துணி சக்கரத்தில் சிக்காமலிருக்க என்று காரணத்தையும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அத்தை அந்த விதியைப் படித்ததில்லை. எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தடுப்பு மாட்டியாயிற்று. அவன் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. பின்சக்கரத்தில் காற்றையும் பார்த்தான். தனியாகப் போகும்போது வைக்கிற அளவு இரண்டு பேருக்குப் போதாது. இரண்டு பேருக்கு எவ்வளவு என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துக் கைப்பம்பில் அடித்துச் சரிசெய்தான்.

அடுத்து ஹெல்மெட். பின்னால் உட்காருபவருக்கும் அது கட்டாயம் என்று என் மகன் வாங்கும்போதே இரண்டாக வாங்கியிருந்தான். அத்தை தலையில் வைத்தால் நெற்றிக்கு மேலேயே நின்றுவிட்டது. காரணம் கொண்டை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே உருட்டிப் போட்ட கொண்டை ஹெல்மெட்டை முன்னால் தள்ளியது. அப்படியே வாரை மாட்டினால் பிரயோஜனமில்லை, விழுந்தால் கழன்று ஓடிவிடும். நான் கொண்டையை அவிழ்த்துப் பிடரியில் தாழ்வாகத் தளர முடிந்துவிட்டேன். இப்போது புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டுச் சரியாக உட்கார்ந்தது. தாடைக்குக் கீழே வாரை மாட்டி, விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். அத்தை கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சட்டியக் கவுத்தாப்ல இருக்கு" என்றார்கள்.

ஏற்றுவதற்குத் திண்ணை உதவியது. வண்டியைத் திண்ணைக்கு ஒட்டி நிறுத்தி, மகன் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு பிரேக்கைப் பிடித்து உட்கார்ந்தான். வண்டி பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது ஆளை ஏற்றக் கூடாது என்றான் மெக்கானிக் பையன். பாரமெல்லாம் அந்த ஒற்றைக் காலில் இறங்கி வண்டி சாய்ந்துவிடுமாம். அத்தை திண்ணையின் கீழ்ப்படியில் நின்று, முதுகைச் சீட்டுக்குக் காட்டி, நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார்கள். கால் இரண்டும் அந்தத் தகட்டில் பதிந்தன. வலது கை பேரனின் இடுப்பில், இடது கை பின்னால் இருந்த கம்பியில். அத்தை தன் முந்தானையை வலது தோள்வழியாக முன்னால் இழுத்து, இடுப்பைச் சுற்றி, இறுக்கமாகச் செருகிக்கொண்டார்கள். கொசுவத்தை ஒன்றாகச் சேர்த்து முழங்கால்களுக்கு நடுவே அமுக்கிக்கொண்டார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. ஏதோ தினமும் செய்கிற வேலைபோல அந்தக் கை தானாகச் செய்தது.

"நானும் வாரேன் அத்தை" என்றேன். மெக்கானிக் பையன், "நீங்க என் வண்டில ஏறுங்க டீச்சர், நாம பின்னாலயே போவோம். சக்கரத்தையும் பாத்துக்கிடலாம்" என்றான். வீட்டுக்குப் போய் இரண்டு ஹெல்மெட்டோடு வந்தான். நான் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அப்போது அத்தை, "ஏளா, இங்க வா" என்றார்கள். நான் இறங்கி அவர்கள் பக்கத்தில் போனேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, என் முந்தானையை இழுத்து, சுற்றி, என் இடுப்பில் செருகிவிட்டார்கள்.

எனக்கு உடம்பு ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

1986இல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர். என் வீட்டுக்காரர் காலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். தினமும் நாங்கள் கிளம்புகிற நேரத்தில் அத்தை அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். "ஏளா, நில்லு" என்று முந்தானையை இழுத்துச் செருகிவிடுவார்கள். நான் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் கட்டிய சேலை, அவர்கள் கைபட்டுக் கசங்கும். பள்ளிக்கூடம் போய்த் திரும்பவும் மடிப்பெடுத்துக் கட்டுவேன். மருமகள் முந்தானை பறக்க வண்டியில் போவது மாமியாருக்குப் பிடிக்கவில்லை, அடக்கமாகப் போகச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் அம்மாவிடம் சொல்லிக் கண்ணைக் கசக்கியிருக்கிறேன். சில நாள் தெருமுனை தாண்டியதும் வேண்டுமென்றே உருவி விட்டிருக்கிறேன். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றல் கிடைத்து நடந்துபோக ஆரம்பிக்கும் வரை, பதின்மூன்று வருஷம் அத்தை அதைச் செய்தார்கள்.

அன்றைக்கு வாசலில் நின்று, "இது ஏன் அத்தை?" என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

"எங்க ஊர்ல எனக்கு ஒரு சேக்காளி இருந்தா" என்றார்கள். "கல்யாணமாகி மூணாம் மாசம். மறுவீட்டுக்கு வந்துட்டு மாப்பிள்ளை கூட வண்டில கிளம்புனா. நான்தான் களத்துமேட்டுல நின்னு கையக் காட்டுனேன். அவளும் திரும்பிக் கையக் காட்டுனா. முந்தானை பறந்துச்சு. அந்தாப்ல தெரியுத தூரந்தான். சக்கரத்துக்குள்ள போயிட்டு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்கள். "மூணு நாள் கெடந்தா."

"இதை ஒருநாள்கூடச் சொன்னதில்லையே?"

"காலையில வேலைக்குக் கிளம்புத புள்ளைட்ட அதைச் சொல்லவா முடியும்? செருகிவிட்டாப் போதும்னு இருந்தேன்."

என் வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும். யாரும் பேசவில்லை. அத்தையே பேரன் முதுகில் தட்டி, "கிளம்புய்யா, அங்க அவன் சாப்பிடாம கெடக்கான்" என்றார்கள்.

மணி பத்தரை இருக்கும். மகன் முப்பதுக்கு மேல் போகவில்லை. பின்னாலிருந்து பார்க்கையில் அத்தை கல் பிள்ளையார்போல் விறைப்பாக இருந்தார்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் மகன் "ஆச்சி, மேடு" என்று குரல் கொடுத்தான். ஒருக்களித்து உட்கார்ந்தவர்களைத் தூக்கிப்போடுவது வேகத்தடைதான். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் தொடையால் வண்டியை இறுக்கிக்கொள்ளலாம், இதில் அந்தப் பிடி கிடையாது. அதனால் முடிந்தவர்கள் கால் போட்டு உட்காருவதுதான் பத்திரம். அத்தைக்கு முழங்காலும் சேலையும் இடம் கொடுக்கவில்லை.

ஆற்றுப் பாலத்தில் காற்று அடித்தது. தாமிரபரணியில் நல்ல தண்ணீர். அத்தை தலையை மெதுவாகத் திருப்பி ஆற்றைப் பார்த்தார்கள். முந்தானை அசையவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் வீரவநல்லூர் சாலைக்கு இடது பக்கம் திரும்பும்போதுதான் ஒரு சின்னத் தடுமாற்றம். இடது பக்கம் திரும்ப வண்டி இடது பக்கம் சாயும். இடது பக்கம் பார்த்து உட்கார்ந்தவருக்கு, முகத்தை முன்னால் தள்ளிக் குப்புற விழப்போவதுபோல் இருக்கும். அத்தை பயந்து பின்பக்கமாகச் சாய்ந்தார்கள். வண்டி ஒரு பக்கம் போக, பாரம் மறுபக்கம் போக, மகனுக்கு ஹேண்டில் லேசாக ஆடியது. அவன் பதறாமல் ஓரமாக நிறுத்தினான். "ஆச்சி, நீ சாயாண்டாம். என் முதுகோட ஒட்டி இரி, நான் எப்படிப் போறேனோ அப்படியே வா" என்றான். அதற்குப் பிறகு வளைவுகளில் இன்னும் வேகத்தைக் குறைத்தான். கன்னடியன் கால்வாய்ப் பக்கம் வயலும் வாழையுமாக வந்தபோது பார்க்கிறேன், அத்தையின் விறைப்பு போய்விட்டது. ஒரு வயலைக் காட்டிப் பேரனிடம் ஏதோ சொல்லிக்கொண்டு போனார்கள். யார் வயல், யார் விற்றது என்று கதை சொன்னார்களாம்.

பிறந்த ஊர் எல்லையில் அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். இறங்கவில்லை. வலது பக்கம் ஒரு திடல், இப்போது அங்கே வீடுகள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, "போலாம்" என்றார்கள். அதுதான் களத்துமேடு என்று நான் கேட்காமலே தெரிந்துகொண்டேன்.

பெரியவர் கட்டிலில் படுத்திருந்தார். ஹெல்மெட்டோடு உள்ளே போன தங்கச்சியை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கழற்றியதும், "வண்டிலயா வந்த?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார். களத்துமேட்டுச் சங்கதி தெரிந்த ஒரே ஆள் அவர்தானே. அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கம்பி இருக்கு அண்ணே. நான் பாத்துட்டுத்தான் ஏறுனேன்" என்றார்கள். மருமகள் படித் தட்டைக் கொண்டுவந்தாள். பெரியவர் படுத்தபடியே அதைத் தொட்டு, தங்கச்சி கையில் கொடுத்தார். பிறகு இரண்டு பேரும் ஒரே இலையில் வைத்த பொங்கலைச் சாப்பிட்டார்கள்.

கரும்பை வண்டியில் கொண்டுவர முடியாது. துண்டு துண்டாக வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்தோம். மெக்கானிக் பையனுக்கும் அதில் பங்கு உண்டு, வாங்கிக்கொண்டுதான் போனான்.

பயந்தவர் என்று நாங்கள் சொன்னவர் எங்கள் எல்லாரையும்விட அந்த வண்டியைத் தெரிந்தவராக இருந்தார்கள். நான் கசங்குகிறது என்று உருவிவிட்ட முந்தானையை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அன்று ராத்திரி அத்தையிடம் அதைச் சொல்லிவிட்டேன். "தெரியும். தெருமுனையில நீ உருவுதத நான் பாத்துருக்கேன்" என்றார்கள். "அதான் மறுநாளைக்கு இன்னும் இறுக்கிச் செருகுவேன்."

என் மாணவர்களில் பலர் இப்போது புது வண்டி வாங்கியிருக்கிறீர்கள், படம் போடுகிறீர்கள், நானும் பார்க்கிறேன். படத்தில் வண்டியின் இடது பக்கத்தைப் பார்ப்பதுதான் இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கழற்றி வைத்தவர்கள் தேடி எடுத்து மாட்டுங்கள். போல்ட் தொலைந்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கட்டுக்கம்பி வேண்டாம். உங்கள் பின்னால் அம்மாவோ ஆச்சியோ மனைவியோ ஏறினால், வண்டியைக் கிளப்புமுன் ஒரு தடவை திரும்பி முந்தானையைப் பாருங்கள். சுடிதார் போட்டவர்களுக்குத் துப்பட்டாவும் அதேதான்.

அடுத்த ஞாயிறு அத்தை திரும்பவும் அண்ணனைப் பார்க்கப் போகிறார்கள். ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்